ஆஃபர் கைக்கு வந்த பிறகு: பின்னணிச் சரிபார்ப்பும் ரெஃபரன்ஸும் பற்றிய கேள்வி பதில்

பதிலளிப்பவர் சென்னையில் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆளெடுக்கும் பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றுபவர். சரிபார்ப்பு அறிக்கைகளைப் படித்து முடிவு சொல்வது இவருடைய அன்றாட வேலை.

டேட்டா இன்ஜினியர், சென்னை: 2019 மார்ச் முதல் 2021 ஆகஸ்ட் வரை ஒரு வங்கியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சம்பளம் தந்தது ஒரு கான்ட்ராக்ட் நிறுவனம். ரெஸ்யூமில் வங்கியின் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். பி.ஜி.வி. எனும் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல் வருமா?

அப்படியே விட்டுவிட்டால் வரும். சரிபார்க்கும் ஏஜென்சி அந்த வங்கியின் எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பும். தங்கள் ஊழியர் பட்டியலில் இப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும். நீங்கள் இரண்டரை ஆண்டுகள் உண்மையாகவே உழைத்திருந்தாலும் அறிக்கையில் அந்த வரி சிவப்பாகிவிடும். ஆகவே படிவத்தில் நிறுவனத்தின் பெயர் கேட்கப்படும் இடத்தில் ஆஃபர் லெட்டரும் பேஸ்லிப்பும் யார் பெயரில் உள்ளனவோ அந்தப் பெயரை எழுதுங்கள். வங்கியை கிளையன்ட் என்று அடுத்த வரியில் குறிப்பிடுங்கள். ரெஸ்யூமையும் அதே போலத் திருத்தி, ஏஜென்சி கேட்பதற்கு முன்பே புதிய நிறுவனத்தின் எச்.ஆருக்கு ஒரு வரி விளக்கத்தோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்ததாகத் தேதிகளைப் பாருங்கள். பி.எஃப். கணக்குகளை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வின் உறுப்பினர் தளத்தில் உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என். கொண்டு உள்நுழைந்து, View என்பதன் கீழுள்ள Service History பக்கத்தைத் திறந்து, ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ரிலீவிங் லெட்டரில் 13 ஆகஸ்ட் 2021 என்றும் பி.எஃப். பதிவில் 31 ஜூலை 2021 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி மாதச் சம்பளம் கணக்கு முடிப்போடு சேர்ந்து வந்திருந்தால் இப்படி நேர்வது உண்டு. சில நாள் வித்தியாசத்தை நாங்கள் பெரும்பாலும் ஒரு விளக்கத்தோடு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த இடைவெளியில் வேறொரு நிறுவனத்தின் பணிக்காலம் வந்து விழுந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தாரா என்ற கேள்வி எழும். அதைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டோம்.

வெளியேறிய தேதி காலியாக இருந்தால், வேலையை விட்டு இரண்டு மாதம் ஆன பிறகு Mark Exit வழியாக நீங்களே பதிந்துகொள்ளலாம். நிறுவனம் தவறான தேதியைப் பதிந்துவிட்டிருந்தால், கூட்டு உறுதிமொழி விண்ணப்பம் கொடுத்துத் திருத்த வேண்டும், சிலருக்கு அந்த நிறுவனத்தின் ஒப்புதலும் தேவைப்படும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால், வேலை தேடத் தொடங்கும்போதே இதைப் பார்த்து வைப்பது நல்லது.

சோதனைப் பொறியாளர், கோவை: வருமான வரித் தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துக் கொடுத்தாலே எந்தெந்த நிறுவனத்தில் இருந்தோம் என்று தெரிந்துவிடுமே, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரைத் தேடி எதற்கு அலைய வேண்டும்?

சம்பளத்தில் வரி பிடித்த நிறுவனத்தின் பெயர் அதில் இருப்பதால், அது நல்ல துணைச்சான்று என்பது சரி. ஆனால் வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாத ஆண்டுகளில், குறிப்பாக முதல் வேலையில், அந்த நிறுவனம் அதில் இல்லாமலே போகலாம். பதவிப் பெயரும் சேர்ந்த, விலகிய நாள்களும் அதில் கிடைக்காது. லெட்டரே கிடைக்காத நிலையில்தான் அதை முன்னால் வையுங்கள்.

பேக்எண்ட் டெவலப்பர், பெங்களூரு: ஆஃபர் தந்த நிறுவனத்தில் என் நண்பர் இருக்கிறார், அவர்தான் என்னை ரெஃபர் செய்தார். ரெஃபரன்ஸுக்கும் அவர் பெயரையே கொடுக்கலாமா?

கூடாது. உங்கள் வேலையை நேரில் பார்த்தவரிடம்தான் கேட்பார்கள். பழைய மேனேஜர் முதல் தேர்வு, அவர் இல்லையென்றால் உங்கள் குழுவின் டெக் லீட்.

சீனியர் டெவலப்பர், மதுரை: மேனேஜரிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்? அவரும் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை.

ரெஃபரன்ஸ் கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மறதிதான். தயாரில்லாத நேரத்தில் அழைப்பு வந்தால், நான்கு ஆண்டுகளுக்கு முன் தம்மிடம் இருந்தவர் எந்தப் பதவியில் இருந்தார் என்று மேனேஜருக்கே நினைவிருக்காது. நீங்கள் சீனியர் இன்ஜினியர் என்று எழுதியிருக்க, அவர் டீம் லீட் என்று பாராட்டாகச் சொல்லிவைப்பார், எங்களுக்கு அது முரணாகத் தெரியும். ஆகவே முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். சம்மதித்த பிறகு இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

“வணக்கம் சார். இந்த வாரமோ அடுத்த வாரமோ ஒரு சரிபார்ப்பு ஏஜென்சியிலிருந்து உங்களுக்கு அழைப்போ மின்னஞ்சலோ வரும். ஸ்பேம் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஜூன் 2018 முதல் ஜனவரி 2021 வரை பில்லிங் குழுவில் சீனியர் இன்ஜினியராக உங்களிடம் பணிபுரிந்தேன். பேமென்ட் சேவையைப் பிரித்து எழுதியது என் முக்கிய வேலை. விலகிய காரணமாக, ஊருக்கு அருகில் வேலை வேண்டும் என்று படிவத்தில் எழுதியுள்ளேன். என் வேலையைப் பற்றி உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.”

தேதி, பதவி, விலகிய காரணம் ஆகிய மூன்றையும் நினைவூட்டினால் போதும். மதிப்பீட்டை நீங்கள் எழுதிக் கொடுத்தால், இரண்டு பேரிடமிருந்தும் ஒரே வாக்கியம் வரும்போது எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். குறை என்ன என்றும் கட்டாயம் கேட்பார்கள். குறையே இல்லை என்ற பதிலைவிட, “டாக்குமென்டேஷனைத் தள்ளிப்போடுவார், சொன்னால் செய்துவிடுவார்” என்ற பதிலை நாங்கள் அதிகம் நம்புகிறோம். மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா என்ற கேள்விக்கு அவர் தயங்குவார் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தப் பெயரையே கொடுக்காதீர்கள்.

அவர் நிறுவனம் மாறிவிட்டதால் ஒரு தடை உண்டு. தனிப்பட்ட ஜிமெயில் முகவரியைப் பல ஏஜென்சிகள் ஏற்பதில்லை. அவருடைய இப்போதைய அலுவலக முகவரியைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சேர்ந்து பணிபுரிந்த காலம் தெரியும்படி அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

பெயர் வேண்டாம், ஓசூர்: என் கதை வேறு. ஓர் இடத்தில் சேர்ந்து ஏழு வாரத்தில் விலகிவிட்டேன். ரெஸ்யூமில் போடவில்லை, ஆனால் பி.எஃப். கணக்கில் இருக்கிறது.

ரெஸ்யூமில் விடுவது வேறு, “இதுவரை பணிபுரிந்த எல்லா நிறுவனங்களும்” என்று கேட்டுக் கையொப்பம் வாங்கும் படிவத்தில் விடுவது வேறு. படிவத்தில் எழுதிவிடுங்கள் என்பதே என் கருத்து. ஏழு வாரத்தில் விலகியதற்காக நான் யாரையும் நிராகரித்ததில்லை, மறைத்ததற்காக நிராகரித்திருக்கிறேன்.

டெவ்ஆப்ஸ், திருச்சி: இதில் எனக்கு உடன்பாடில்லை. நானும் அப்படி ஒரு வேலையை எழுதவில்லை, யாரும் கேட்கவில்லை. எழுதியிருந்தால் ரிலீவிங் லெட்டர் கேட்டு இழுத்தடித்திருப்பார்கள்.

உங்களுக்கு அப்படி நடந்திருக்கலாம். எல்லா நிறுவனங்களும் பி.எஃப். வரலாற்றைக் கேட்பதில்லை. லெட்டர் இல்லாமல் விலகியவருக்கு இது சங்கடமான நிலை என்பதும் உண்மை. ராஜினாமா மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் வைத்து நான் ஏற்றிருக்கிறேன். இன்னொரு நிறுவனம் ஏற்குமா என்று என்னால் உறுதி சொல்ல இயலாது.

ஜாவா டெவலப்பர், சென்னை: சரிபார்ப்பு முடிவதற்கு முன் ராஜினாமா செய்யலாமா? இப்போதைய ஆபீஸுக்குத் தகவல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இப்போதைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாமா, எப்போது தொடர்புகொள்ளலாம் என்று படிவத்திலேயே கேட்டிருப்பார்கள். “விலகிய பிறகு மட்டும்” என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பகுதியை, நீங்கள் புதிய வேலையில் சேர்ந்த பிறகு முடிப்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். படிப்பு, பழைய வேலைகள், முகவரி ஆகியவற்றை மட்டும் முன்கூட்டியே முடித்துத் தர இயலுமா என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ராஜினாமா செய்ததற்கான சான்று வந்தால்தான் தொடங்குவோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். அங்கே உங்கள் காகிதங்களில் ஏதேனும் முரண் இருந்தால், அதை முதலில் எழுத்தில் தெரிவித்து, பரவாயில்லை என்ற பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு ராஜினாமாவை அனுப்புங்கள்.