கேள்வி பதில்: போட்டோவுக்கும் படத்துக்கும் நடுவில் நடந்ததைக் காட்டுவது

வேலூரில் பதினைந்து வருடமாகக் கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். இந்த முறை ஒரே ஒரு விஷயம்தான். போட்டோவைப் பார்த்து ஆரம்பித்து உங்கள் பாணியில் முடித்த படத்தை, கல்லூரிச் சேர்க்கைக்குக் கொண்டுபோகும் போர்ட்ஃபோலியோவில் எப்படி விளக்குவது? வந்த கேள்விகளுக்கு வரிசைப்படி பதில் எழுதுகிறேன்.

குடியாத்தம் மாணவி: சார், எங்க தாத்தா தறியில உட்கார்ந்து லுங்கி நெய்யறத போன்ல எடுத்து, அப்படியே பென்சில் ஷேடிங் பண்ணிட்டேன். எல்லாரும் போட்டோ மாதிரியே இருக்குங்கறாங்க. இதை எப்படி ஸ்டைலா மாத்தறது, படிப்படியா எப்படிக் காட்டறது?

அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். தாத்தாவின் வலது கை முகத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. இரண்டு அடி தூரத்தில் நின்று எடுத்திருக்கிறாய். போன் கேமரா அகலமாகப் பார்க்கும், அதனால் அவ்வளவு கிட்டே நின்று எடுக்க விடும்; கிட்டே நின்றால் முன்னால் இருப்பது ஊதிவிடும். அந்த ஊதிய கையை நீ அப்படியே வரைந்திருக்கிறாய். அதை முடிவு செய்தது கேமரா, நீ இல்லை. நேர்காணலில் உட்காருபவர் முதலில் இதைத்தான் பார்ப்பார்.

மறுபடி எடு. பத்தடி தள்ளி நில், போனைத் தாத்தாவின் மார்பு உயரத்தில் பிடி, 2x வைத்துக்கொள். ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு வாசல் வெளிச்சத்தில் எடு. குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைப் பிடித்த கை, மிதியில் இருக்கும் கால், பாவு நூல் மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொள். அப்புறம் போனை வைத்துவிட்டுத் தாத்தா எதிரில் உட்கார்ந்து இருபது நிமிடம் நேரில் வரை. அந்த வரைபடம் அழகாக வராது, பரவாயில்லை. தோள் எங்கே முடிகிறது, முழங்கை எங்கே மடங்குகிறது என்று அதில்தான் உனக்குத் தெரியும்.

அடுத்தது தீப்பெட்டி அளவில் எட்டு கட்டம். ஒவ்வொன்றிலும் தாத்தாவையும் தறியையும் வேறு வேறு இடத்தில் வைத்துப் பார். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடம் போதும். நீ எழுதியிருந்தாயே, ‘தாத்தா தரைக்குள்ள உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கும், நூல் மட்டும் மேல ஓடும்’ என்று. குழித்தறியின் விஷயமே அதுதான். எந்தக் கட்டம் அதைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள். அதைக் கறுப்பு, நடு, வெள்ளை என்று மூன்றே டோனில் செய்து பார். முகம் வெளிச்சத்தில் இருந்தால் பார்ப்பவர் முகத்தோடு நின்றுவிடுவார். கைக்கு வர வேண்டும் என்றால் முகத்தை நிழலில் விடு.

இதற்குப் பிறகுதான் ஸ்டைல் வரும். ஒரு விதி வைத்துக்கொள்: நூல் எல்லாம் நேர்கோடு, தாத்தா முழுக்க வளைவு. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே வில். நாடா வீசும் கையைக் கால் பங்கு நீட்டலாம். நீட்டும்போது மேல்கையையும் முன்கையையும் சேர்த்து நீட்டு. போன வருடம் ஒரு மாணவர் முன்கையை மட்டும் நீட்டினார், பார்த்தவர்களுக்குக் கை முறிந்த மாதிரி தெரிந்தது. தெரிந்து மிகைப்படுத்தியது படம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், தவறு ஒரு இடத்தில் மட்டும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அப்படித்தான்.

வண்ணத்துக்கு அந்த லுங்கியிலிருந்தே மூன்றை எடு. நான்கு சின்னத் துண்டுத் தாளில் பூசிப் பார்த்துவிட்டு முடி.

போர்ட்ஃபோலியோவில் இதற்கு எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கத்தில் போட்டோ சீட்டுக்கட்டு அளவில் சின்னதாக, பக்கத்தில் நேரில் வரைந்தது, எட்டுக் கட்டமும், டோன் படமும். வலது பக்கம் முழுக்க முடித்த படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. ‘பிறகு வண்ணம் தீட்டினேன்’ என்று எழுதாதே, அது கண்ணுக்கே தெரியும். ‘முதலில் முகம்தான் கண்ணில் பட்டது, அதனால் முகத்தை நிழலுக்குக் கொண்டுபோனேன்’ என்று எழுது. வேண்டாம் என்று விட்ட கட்டங்களையும் வை.

காட்பாடி மாணவர்: மொத்தம் எத்தனை படம் வைக்கணும் சார்? ஏ3யா ஏ4ஆ?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேரப்போகும் இடத்தின் இந்த வருட விவரக்குறிப்பில் இருப்பதுதான் கணக்கு.

சத்துவாச்சாரி மாணவர்: படம் முடிச்சிட்டேன், நல்லா வந்திருக்கு. ஆனா ரஃப் எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப உட்கார்ந்து அந்தப் படிகளை வரைஞ்சு வைக்கலாமா?

வேண்டாம். இதை எல்லா வருடமும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். பின்னால் தயாரித்த படிகள் உடனே தெரிந்துவிடும். எட்டுக் கட்டமும் முடித்த படத்தின் குட்டிகளாகவே இருக்கும். நிஜமான கட்டங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடும், பாதி குப்பையாக இருக்கும். தாளும் ஒரே வெள்ளை, பென்சிலும் ஒரே கூர். நேர்காணலில் ‘இந்த மூன்றாவதை ஏன் விட்டீங்க?’ என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அந்தப் படத்தைத் தனியாக, படிகள் இல்லாமல் வையுங்கள். விளக்கத்துக்குப் புதிதாக ஒன்று தொடங்குங்கள். இன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி போடுங்கள், எதையும் கிழிக்காதீர்கள்.

வேலப்பாடி மாணவி: கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண போட்டோ எடுத்து ஸ்டைலைஸ் பண்ணியிருக்கேன். ஓகேவா?

வேலூரிலிருந்து போகும் போர்ட்ஃபோலியோவில் பாதியில் இந்தத் தூண் இருக்கிறது. கூட்டம் அதற்கு இருப்பது நியாயம்தான், அவ்வளவு நல்ல வேலை. சிக்கல் வேறு. யாளி ஏற்கெனவே ஸ்டைலைஸ் ஆனது. சிங்கத்தையும் யானையையும் பார்த்து, எதை நீட்ட வேண்டும், எதைச் சுருட்ட வேண்டும் என்று விஜயநகர காலத்துச் சிற்பி முடிவு செய்துவிட்டார். அதைப் பார்த்து நீங்கள் கோடு போட்டால் அவருடைய முடிவுகளைப் படியெடுக்கிறீர்கள்.

அதே தூணை விடாமல் செய்ய ஒரு வழி உண்டு. பிடரியை அவர் எப்படிச் சுருள்களாக ஆக்கியிருக்கிறார், கண்ணை ஏன் அவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறார் என்று இரண்டு பக்கம் வரைந்து படியுங்கள். அப்புறம் உங்கள் தெருவில் படுத்திருக்கும் ஒரு நாயைப் போட்டோ எடுத்து, நேரில் வரைந்து, அதே முறையில் மாற்றுங்கள். யாளிப் பக்கம் முதலில், நாய் அடுத்து. அப்போது அந்த வழி உங்களுடையது.

ஆற்காடு மாணவர்: போட்டோ மேல சதுரம் சதுரமா கட்டம் போட்டு, அதைப் பாத்துப் பெருசா வரையறது ஏமாத்து வேலையா சார்?

ஏமாற்று இல்லை, ஆனால் போர்ட்ஃபோலியோவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு ஒரே கனத்தில் உயிரில்லாமல் வரும், கட்டத்துக்குக் கட்டம் உடைந்து தெரியும்.

ராணிப்பேட்டை பேனர் ஓவியர்: தம்பி, முப்பது வருஷம் சுவருலயும் பேனர்லயும் கட்டம் போட்டுத்தான் வரைஞ்சேன். எங்க கோடு உயிரில்லாமலா இருக்கு?

அண்ணா, நான் எழுதியது அவசரம். கட்டம் ஒரு அளவை இன்னொரு அளவுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். எதன் மேல் கட்டம் போடுகிறோம் என்பதுதான் கேள்வி. நேராகப் போட்டோ மேல் போட்டால் லென்ஸ் செய்த கோணல் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். தானே வரைந்த சின்னப் படத்தின் மேல் போட்டால் அதில் தவறே இல்லை. நீங்கள் எதன் மேல் போடுவீர்கள்?

ராணிப்பேட்டை பேனர் ஓவியர்: போட்டோ மேலதான். ஆனா கட்டம் சதுரமா இருக்காது. நாப்பதடி உயரத்துல வைக்கற படத்துக்கு மேல் வரிசைய உயரமாப் போடுவோம். இல்லன்னா கீழ நிக்கறவனுக்கு நெத்தி சப்பையாத் தெரியும்.

இதை எல்லா மாணவர்களும் இரண்டு முறை படியுங்கள். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று யோசித்து, அதற்காக முகத்தை மாற்றியிருக்கிறார். காரணத்தோடு வடிவத்தை மாற்றுவது என்று நான் மேலே நீட்டி எழுதியதை அண்ணா கட்டத்துக்குள்ளேயே செய்திருக்கிறார். ஆற்காடு தம்பி, இப்படி ஒரு கட்டம் போட்டால் அந்தக் கட்டத் தாளையே போர்ட்ஃபோலியோவில் வை, அழிக்காதே.

வேலூர் பள்ளி ஓவிய ஆசிரியை: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்கு முப்பது வருஷக் கண் இருக்கு. பதினேழு வயசுப் பிள்ளைக்குக் கட்டத்தைக் கொடுத்தா கண்ணு கடைசி வரைக்கும் வளராது. தேர்வு அறையில எதிர்ல ஒரு பானைய வைப்பாங்க, அதுமேல கட்டம் போட முடியுமா?

ராணிப்பேட்டை பேனர் ஓவியர்: டீச்சர், எனக்குக் கண்ணு கட்டம் போட்டுத்தான் வளந்துச்சு. நான் எந்தக் காலேஜுக்கும் போகலயே.

டீச்சர் சொல்லும் பானை நிஜம். நேரில் பார்த்து வரையச் சொல்லும் தேர்வில் கட்டத்தையே நம்பியிருந்த பிள்ளைகள் திணறுவதை நானும் பார்த்திருக்கிறேன். அண்ணா சொல்வதையும் என்னால் மறுக்க முடியவில்லை. என் வகுப்பில் நேரில் வரைந்து பழகிய பிறகுதான் கட்டம் தருகிறேன், அதுதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆம்பூர் வாசகர்: என் கல்யாண போட்டோவ ஓவியமா மாத்தித் தருவீங்களா? எவ்ளோ ஆகும்?

இங்கே அதைச் செய்வதில்லை. ராணிப்பேட்டை அண்ணாவிடம் கேட்டுப் பாருங்கள்.

திருப்பத்தூர் மாணவி: நெட்ல கிடைச்ச போட்டோ, வெளிநாட்டு மாடல். யூஸ் பண்ணலாமா?

வேண்டாம். அந்த முகத்தின் மறுபக்கத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி வரையச் சொன்னால் நின்றுவிடும். வீட்டில் யாராவது பத்து நிமிடம் உட்காருவார்கள், அவர்களை எடுங்கள்.

பேரணாம்பட்டு மாணவர்: சார் எத்தனை படம் வைக்கணும்?

காட்பாடி மாணவருக்குச் சொன்னதுதான்.

விருதம்பட்டு மாணவர்: ரஃப் எல்லாம் இல்ல, டேப்லெட்ல நேரா வரைஞ்சேன். இப்ப லேயரைப் பிரிச்சுப் படி மாதிரி காட்டினா?

சத்துவாச்சாரி மாணவருக்குச் சொன்னதேதான், டேப்லெட்டிலும். லேயர் என்பது படத்தின் அடுக்கு, நீங்கள் மனம் மாறிய வரிசை அதில் இருக்காது. அடுத்த படத்துக்கு ஒவ்வொரு முடிவின்போதும் தனி ஃபைலாகச் சேமியுங்கள்.

குடியாத்தம் மாணவி: சார், பத்தடி தள்ளி நின்னு எடுத்தேன். இப்ப தாத்தா கை சின்னதா, சாதாரணமா இருக்கு. பழைய போட்டோல இருந்த வேகம் போயிடுச்சு. எனக்கு அந்தப் பெரிய கைதான் பிடிச்சிருக்கு.

சரி, அப்போ பெரிய கையே வரட்டும். இந்த முறை அதை நீ வரை. புதுப் போட்டோவையும் நேரில் வரைந்ததையும் எதிரில் வைத்துக்கொண்டு, கையை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று மூன்று அளவில் போட்டுப் பார். கை பெரிதானால் மணிக்கட்டும் அதோடு தடிக்க வேண்டும், மறக்காதே. பழைய போட்டோ, புதுப் போட்டோ இரண்டையும் இடது பக்கத்தில் அடுத்தடுத்து ஒட்டு. இப்போது எனக்கு எழுதிய அந்தக் கடைசி வரியைக் கீழே அப்படியே எழுது. மூன்று அளவும் வந்ததும் அனுப்பு.