‘உரிய அலுவலர்’ என்றால் யார்? பள்ளி விதியை மாணவர்களுக்காகத் திருத்தி எழுதுவது பற்றிய கேள்வி பதில்

நிதியுதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர்களுக்குள் நடக்கும் கேலி, மிரட்டல், ஒதுக்கல் ஆகியவற்றுக்கு எதிரான எங்கள் பள்ளி விதியை, மாணவர்களே படித்துப் பின்பற்றும் விதத்தில் இருமுறை மாற்றி எழுதினோம். முதல் முறை எழுதியது பயன்படவில்லை. அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் 9 பக்கத்தில் ஒரு கொள்கை ஆவணம் இருக்கிறது. அதைச் சுருக்கினால் போதுமா அம்மா? எங்கிருந்து தொடங்குவது? (தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்)

சுருக்குவதற்கு முன்னால், அந்த ஆவணத்தின் ஒரே ஒரு பத்தியை ஏழாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். “புரிந்ததா” என்று கேட்காதீர்கள். தலைமையாசிரியர் கேட்டால் எல்லோரும் “புரிந்தது” என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “உன் சாப்பாட்டு டப்பாவை ஒருவன் தினமும் எடுத்து ஒளித்து வைக்கிறான். இந்தத் தாளின்படி நீ இப்போது யாரிடம் போக வேண்டும்? என்னை அங்கே அழைத்துக்கொண்டு போ” என்று கேளுங்கள்.

எங்கள் பழைய விதியில் இருந்த வாக்கியம் இது: “மாணவர்களுக்கிடையே உடல்ரீதியாகவோ மனரீதியாகவோ துன்புறுத்தலில் ஈடுபடுவோர் குறித்து உரிய அலுவலரிடம் புகார் அளிக்கும் பட்சத்தில் தக்க ஒழுங்கு நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.” எட்டுப் பேரில் ஐந்து பேர் “துன்புறுத்தல்” என்பதை அடிப்பது என்று மட்டுமே எடுத்துக்கொண்டார்கள், டப்பாவை ஒளிப்பது அவர்கள் கணக்கில் விளையாட்டு. “புகார்” என்றதும் இருவருக்குக் காவல் நிலையம் நினைவுக்கு வந்தது. “உரிய அலுவலர்” யார் என்று கேட்டபோது ஒரு பையன் என்னைக் கிராம நிர்வாக அலுவலகம் இருக்கும் திசையில் அழைத்துப் போகத் தொடங்கினான். சிரிப்பு வந்தாலும், தவறு அவனுடையது அல்ல என்பது அந்த இடத்திலேயே தெரிந்தது.

இறுதியில் அந்த வாக்கியம் இப்படி மாறியது: “உனக்குப் பிடிக்காத பட்டப்பெயரால் கூப்பிடுவது, பொருளை ஒளித்து வைப்பது, ‘அவனோடு பேசாதே’ என்று மற்றவர்களிடம் சொல்வது, அடிப்பது, மிரட்டிப் பணம் கேட்பது ஆகிய எதுவும் விளையாட்டு அல்ல. இது உனக்கோ உன் நண்பனுக்கோ நடந்தால், நூலக அறையில் இருக்கும் ஆசிரியையிடமோ விளையாட்டு ஆசிரியரிடமோ சொல். மதிய இடைவேளையில் 12.40 முதல் 1.10 வரை இருவரில் ஒருவர் கட்டாயம் இருப்பார். நீ சொன்ன அன்றே உன்னோடு பேசுவோம். மூன்று பள்ளி நாட்களுக்குள் என்ன செய்தோம் என்று உன்னிடம் வந்து சொல்வோம்.” சுவரில் ஒட்டிய தாளில் ஆசிரியர்களின் பெயரும் இருந்தது. வாக்கியங்கள் கூடின, ஆனால் குழந்தை தேடுகின்ற ஆள், இடம், நேரம், அடுத்து நடப்பது என்ற நான்கும் கிடைத்துவிட்டன. உங்கள் 9 பக்க ஆவணத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அது ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் தேவை.

மாணவனை ‘நீ’ என்று எழுதுவது பொருந்துமா? ‘நீங்கள்’ என்பதே மரியாதை அல்லவா? (தமிழாசிரியர்)

எங்கள் தமிழாசிரியரும் இதைத்தான் கேட்டார். இரண்டு வடிவங்களையும் மாணவர்களிடமே காட்டினோம். ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ‘நீங்கள்’ என்று இருந்த தாளை அப்பா அம்மாவுக்கு வந்த சுற்றறிக்கை என்று நினைத்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கோ ‘நீ’ என்றது திட்டுவது போல் ஒலித்தது. நாங்கள் எட்டாம் வகுப்பு வரை ‘நீ’ என்றும் அதற்கு மேல் ‘நீங்கள்’ என்றும் இரு தாள்கள் வைத்தோம். இது சரியான தீர்வா என்று இன்றும் அவரும் நானும் ஒத்துப்போகவில்லை. ‘மாணவர்கள் தெரிவிக்க வேண்டும்’ என்ற படர்க்கை வடிவம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதைப் படிக்கும் குழந்தை, வேறு யாரையோ பற்றிய செய்தி என்று நகர்ந்துவிடுகிறது.

என் மகனைப் பள்ளி வேனில் இரண்டு பெரிய பையன்கள் தொடர்ந்து அடிக்கிறார்கள். ‘வளாகத்துக்கு வெளியே நடந்தது, எங்கள் பொறுப்பு இல்லை’ என்கிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடலாமா? (ஒரு தாய்)

நீங்கள் கேட்பது விதி எழுதுவதைப் பற்றி அல்ல என்றாலும் இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், அம்மா. தேதி, வேன் புறப்படும் நேரம், நடந்தது, பார்த்தவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மாற்றுச் சான்றிதழ் உங்கள் முடிவு. ஆனால் அடிபட்டவனே வெளியேறுவது என்றால், அதே இருக்கையில் அடுத்த பையன் உட்காருவான்.

விதி எழுதும் மற்றவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வேன், பேருந்து நிறுத்தம், டியூஷன் போகும் வழி, வகுப்பின் வாட்ஸ்அப் குழு ஆகியவற்றைத் தாளில் பெயர் சொல்லியே எழுதுங்கள். “பள்ளி வளாகத்திலும் அதன் தொடர்புடைய இடங்களிலும்” என்று எழுதினால் குழந்தைக்கும் புரியாது, பள்ளியும் நழுவிவிடலாம்.

எங்கள் பள்ளியில் புகார்ப் பெட்டி வைத்து ஓராண்டு ஆகிறது. வந்தவை எல்லாம் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, முட்டை சிறியதாக இருக்கிறது என்ற சீட்டுகள்தான். பெட்டியால் பயன் இல்லை என்று எடுத்துவிடலாமா? (உதவித் தலைமையாசிரியர், அரசுப் பள்ளி)

எடுக்காதீர்கள். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று வைத்த பெட்டியைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் சீட்டுப் போடும் பெட்டியில்தான் மிரட்டப்படும் குழந்தையும் பயமில்லாமல் சீட்டுப் போட முடியும். மிரட்டலுக்கு மட்டும் என்று எழுதிய பெட்டியின் அருகே ஒருவன் போனாலே செய்தி பரவிவிடும். ஆகவே அந்த முட்டைச் சீட்டுகள் உங்கள் பெட்டிக்குத் திரை. கழிப்பறைத் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். சீட்டுப் போட்டால் ஏதோ நடக்கிறது என்பதை மாணவர்கள் அதிலிருந்துதான் தெரிந்துகொள்வார்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பெட்டி முதலில் என் அறை வாசலில் இருந்தது. ஏழு மாதத்தில் மூன்று சீட்டுகள். தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில் மாட்டிய பிறகு, முதல் மாதத்திலேயே இருபதுக்கு மேல் வந்தன. திங்களும் வியாழனும் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து திறந்தார்கள். ஒருவரிடம் மட்டும் சாவி இருந்தால், அவரைப் பற்றிய சீட்டு காணாமல் போகக்கூடும். பெட்டியின் மேல், “இன்றைக்கே உதவி வேண்டுமென்றால் சீட்டுப் போடாதே, நேரில் வா” என்றும் எழுதியிருந்தோம்.

பெயரில்லாத சீட்டுக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதுதான் கடினம். “மாடிப்படியின் கீழே மதியம் சிலர் பயமுறுத்துவதாகத் தெரிந்தது, இந்த வாரம் முதல் அங்கே ஓர் ஆசிரியர் நிற்பார்” என்று அறிவிப்புப் பலகையில் எழுதினோம். வகுப்பையோ பெயரையோ எழுதவில்லை. கையெழுத்தை வைத்து எழுதியவரைக் கண்டுபிடிக்க முயலக் கூடாது என்று ஆசிரியர்களிடம் எழுத்து மூலமாகவே கேட்டுக்கொண்டேன். அப்படியும் ஒருவர் முயன்றார்.

‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று வாக்குறுதி கொடுத்தால்தான் குழந்தைகள் வாய் திறப்பார்கள். அதோடு, பொய்யாகச் சொல்பவர்களுக்குத் தண்டனை என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். (பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்)

முதல் பாதியில் நீங்கள் சொல்லும் காரணம் உண்மை. ஆனால் அந்த வாக்குறுதியை ஓர் ஆசிரியரால் காப்பாற்ற முடியாது. குழந்தை சொல்வது பாலியல் சீண்டலாக இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்த பெரியவர் 21ஆவது பிரிவின்படி தண்டனைக்கு உரியவர். அந்தத் தண்டனை குழந்தைகளுக்குப் பொருந்தாது. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினால் அந்தக் குழந்தை மட்டுமல்ல, அவளுடைய வகுப்பே இனி எதையும் சொல்லாது. ஆகவே நாங்கள் எழுதியது: “நீ சொல்வதைத் தேவையில்லாத யாரிடமும் சொல்ல மாட்டோம். உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவக்கூடிய பெரியவர்களிடம் சொல்வோம். சொல்வதற்கு முன் உன்னிடம் தெரிவிப்போம்.”

இரண்டாவது வரியை நான் ஏற்கவில்லை. போக்சோ சட்டமே, ஒரு குழந்தை பொய்யான தகவல் கொடுத்தாலும் அக்குழந்தைக்குத் தண்டனை இல்லை என்று 22ஆவது பிரிவில் சொல்கிறது. சட்டமே வேண்டாம் என்று விலக்கிய பயத்தைப் பள்ளி ஏன் சேர்க்க வேண்டும்? சாட்சி இல்லாமல் அடிபட்டவன் அந்த வரியைப் படித்ததும், தன்னை நம்ப மாட்டார்கள் என்று முடிவு செய்துவிடுகிறான். எங்கள் முதல் வடிவத்தில் அந்த வரி இருந்தது. அது தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் மத்திய வாரியப் பள்ளிகளுக்குத்தானே? மாநில வாரியப் பள்ளிக்கு இப்படி ஒரு விதி தேவை என்று எந்தச் சட்டமும் இல்லை. (சட்டம் படிக்கும் மாணவர்)

பள்ளிகளில் மிரட்டலைத் தடுக்கக் குழு அமைக்கச் சொல்லி 2015இல் சுற்றறிக்கை விட்டது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கல்வி நிறுவனம் என்று பொதுவாகவே பேசுகிறது, கல்லூரி என்று மட்டும் சொல்லவில்லை. அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சாதியைச் சொல்லிக் கேலி செய்வதை எப்படி எழுதுவது? எழுதினால் நாமே கற்றுக்கொடுப்பது போல் ஆகாதா? (ஆசிரியை, தென்மாவட்டம்)

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் அவன் பள்ளி மாணவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்ட பிறகும், பல பள்ளி விதிகளில் “எவ்வித வேறுபாடும் பாராட்டாமல்” என்ற சொற்றொடரே இருக்கிறது. குழந்தைகளுக்குத் தெரியாத எதையும் நாம் கற்றுக்கொடுத்துவிடப் போவதில்லை. “எந்தத் தெரு என்று கேட்டுக் கேலி செய்வது, கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்துச் சேர்ப்பது அல்லது விலக்குவது, சாதிப் பெயரால் கூப்பிடுவது” என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் வண்ணக் கயிறுகளைப் பற்றித் தன் அறிக்கையில் பேசியிருக்கிறது.

அதைவிட முக்கியம், சொல்வதற்கு என்று நீங்கள் அறிவிக்கும் இரண்டு ஆசிரியர்கள் யார் என்பது. ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இருவருமே ஊரின் ஒரே பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவர்களாக இருந்தால், மற்ற குழந்தைகளுக்கு அந்தத் தாள் வெறும் தாள்தான். ஆசிரியரே கேலி செய்பவராக இருந்தால் என்ன செய்வது என்பதற்காக 14417, 1098 ஆகிய எண்கள் தாளின் அடியில் அல்ல, நடுவில் இருக்க வேண்டும்.

மூத்த மாணவர்களையே ‘உதவும் நண்பர்’களாக நியமிக்கலாம் என்பது என் கருத்து. ஆசிரியர்களிடம் சொல்வதைக் குழந்தைகள் ‘போட்டுக்கொடுப்பது’ என்று நினைக்கிறார்கள். நீங்கள் இதைத் தவிர்த்தது ஏன்? (பள்ளி மனநல ஆலோசகர்)

‘போட்டுக்கொடுப்பது’ என்ற தடை இருப்பது உண்மை. அதற்காகத் தாளில் “ஒருவனை மாட்டிவிடச் சொல்வது வேறு, ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது வேறு” என்று எழுதினோம். மூத்த மாணவர்களை அமர்த்தத் தயங்கியது, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கனமான ஒன்றை இறக்கிவைக்க எனக்கு மனம் வராததால். தொடர்ந்து பயிற்சி தரவும் அருகில் இருக்கவும் உங்களைப் போன்ற ஒருவர் பள்ளியில் இருந்தால் வேறு முடிவு எடுத்திருக்கக்கூடும்.

எழுதி ஒட்டிய பிறகு, அது வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (முதல் கேள்வி கேட்ட தலைமையாசிரியர்)

முதல் பருவத்தில் சொல்ல வருபவர்களின் எண்ணிக்கை கூடும். மேலதிகாரி கேட்டால் பதற வேண்டாம், அதுவரை மறைந்திருந்தவை வெளியே வருகின்றன. அதன் பிறகு ஜூன், ஜனவரி மாதங்களில் வகுப்புக்கு நான்கு பேரை, குறிப்பாக ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த குழந்தைகளை, “அழைத்துக்கொண்டு போ” என்று அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

தாளின் அடியில் அதை எழுதிய தேதியைப் போடுங்கள். எங்கள் நூலக ஆசிரியை ஓர் அக்டோபரில் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். அவருடைய பெயர் ஜனவரி வரை சுவரில் இருந்தது. அதற்கிடையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு முறை நூலகத்துக்கு வந்து, அவர் இல்லை என்று கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். எதற்கு வந்தாள் என்று பிறகு கேட்டபோது, “ஒன்றும் இல்லை மிஸ்” என்றாள்.