முதலாளி இல்லை, தறி நிற்குது: ஆட்களுக்கு என்ன கொடுக்கணும்?

சோமனூர்: அப்பா தவறிட்டாருங்க. தறிக்கூடம் அவர் பேர்ல மட்டும்தான். 12 பேர் வேலை செய்யறாங்க, எனக்குத் தோதில்லை, மூடறேன். என்ன கணக்கு?

ஒரு ஆளை வைத்தே பார்ப்போம் தம்பி. மாதம் 15,000 வாங்குகிறார், 12 வருடம் 7 மாதம் ஆச்சு. ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 13 வருடமாக எடுக்கணும். மூடல் இழப்பீடு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், அதாவது 7,500 வீதம் 97,500. முன்னறிவிப்பு தர வழியில்லாததால் அதற்கு ஈடாக ஒரு மாதச் சம்பளம் 15,000. அப்புறம் பணிக்கொடை, இது தனி. அதிலும் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம்தான், ஆனால் மாதத்தை 26 நாளாக வகுக்கிறதால் 1,12,500 வரும். மொத்தம் 2,25,000. பத்துப் பேர் ஒருமுறை எட்டிவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் பணிக்கொடை விடாது. இதெல்லாம் அப்பாவின் சொத்திலிருந்து போகிற கடன், உங்களுக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு.

திருப்பூர்: அண்ணா, முதலாளி இறந்தா மூணு மாசச் சம்பளத்தோட முடிஞ்சதுன்னு எங்க ஆடிட்டர் சொன்னாரே?

பாதி சரி. தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீட்டுக்கு மூன்று மாத உச்சவரம்பு உண்டு, அந்தக் கணக்கில் மேலே சொன்னவருக்கு 97,500க்குப் பதில் 45,000. வெறும் நஷ்டமோ சரக்குத் தேக்கமோ அப்படிப்பட்ட காரணம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. மரணம் சேருமா என்பதில் வாதம் இருக்கிறது, நடத்தக்கூடிய வாரிசு இருந்தும் மூடினால் தொழிலாளி தரப்பு சும்மா விடாது. பணிக்கொடைக்கு இந்த வரம்பே கிடையாது.

ஈரோடு: எங்க வீட்டுக்காரர் சாயப்பட்டறையில மூணு வருசம் பாத்து இறந்துட்டாருங்க. எங்களுக்கும் இந்த இழப்பீடு வருமா?

இல்லைங்கம்மா, இது பட்டறையே மூடும்போது வருவது. ஆனால் பணிக்கொடை கேளுங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் ஐந்து வருட நிபந்தனை கிடையாது. பட்டறையில் பத்துப் பேர் இருந்தார்களா என்று மட்டும் பாருங்கள்.

கரூர்: எனக்கு 68. தையோட மூடறேன்னு தீபாவளிக்கே வாயால சொல்லிட்டேன். முன்பணம் நிறைய நிக்குது, கழிச்சுக்கலாமா?

வாயால் சொன்னது செல்லாதுங்க அய்யா, ஒரு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஓய்வு உங்கள் முடிவு, மூன்று மாத வரம்பைக் கேட்கவே முடியாது. முன்பணத்தைப் பணிக்கொடையில் கழிக்காதீர்கள். கடைசிச் சம்பளத்தில் சட்டம் விடுகிற அளவு பிடித்துவிட்டு மீதியைத் தனியாகப் பேசுங்கள், அது வசூலாகுமா என்பது வேறு கதை. கடைசிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் போகணும், பணிக்கொடைக்கு முப்பது நாள். எல்லாவற்றையும் மூடும் முன் பிஎஃப் இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் விலகிய தேதியைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் இரண்டு மாதம் காத்திருந்து தாங்களே போடவேண்டி வரும்.