பிள்ளை கேட்காத வாக்கியம்

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். டிப்ளோமா பாடத்தில் ‘தூண்டலின் வறுமை’ என்று ஒரு வாதம் வருகிறது. லயத்துப் பிள்ளைகள் வீட்டில் பேச்சைக் குறைவாகக் கேட்பதைத்தான் அது சொல்கிறதா? இலக்கணம் பிறவியிலேயே இருக்கிறது என்கிறார் ஒரு விரிவுரையாளர். கேட்டுக் கேட்டுத்தான் வருகிறது என்கிறார் இன்னொருவர். பரீட்சையில் எதை எழுதுவது?

பதில்: லயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாள் முழுக்கப் பேச்சு நடக்கும் கொழும்பு வீட்டுப் பிள்ளைக்கும் இதே வாதம்தான். பிள்ளை கேட்ட வாக்கியங்கள் எத்தனை இருந்தாலும் அவை இரண்டு விதிகளுக்கு ஒன்றுபோலப் பொருந்தினால், எல்லாப் பிள்ளைகளும் ஏன் ஒரே விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அதன் கேள்வி.

இலக்கணம் பிறவியிலேயே இருக்கிறது என்பதற்கு மொழியியலாளர் சொம்ஸ்கி காட்டியது ஆங்கில உதாரணம். ‘த மேன் இஸ் டோல்’ என்பதைக் கேள்வியாக்க ‘இஸ்’ முன்னுக்கு வரவேண்டும். ‘முதலில் வரும் இஸ்ஸை எடு’ என்றாலும், ‘முக்கிய வாக்கியத்தின் இஸ்ஸை எடு’ என்றாலும் இங்கே விடை ஒன்றே. ‘த மேன் ஹூ இஸ் டோல் இஸ் இன் த ரூம்’ என்று நீளும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. முதல் விதிப்படி போனால் ‘இஸ் த மேன் ஹூ டோல் இஸ் இன் த ரூம்’ என்று உளறலாகும். இவ்வளவு நீண்ட கேள்வி ஒருவரின் காதில் வாழ்நாளிலேயே விழாமல் இருக்கலாம், ஆனாலும் பிழைவிடுவதில்லை என்றார் அவர். 1987இல் கிரெயினும் நகயாமாவும் 3 முதல் 5 வயது வரையான 30 பிள்ளைகளை ஒரு பொம்மையிடம் இப்படிக் கேள்வி கேட்கவைத்தார்கள். பிள்ளைகள் தடுமாறினார்கள், ‘இஸ்’ஸை இரண்டு தரம் சொன்னார்கள். ஆனால் அந்த உளறல் மட்டும் வரவில்லை.

கேட்டுக் கேட்டுத்தான் வருகிறது என்னும் பயன்பாட்டுத் தரப்பின் நல்ல பதில் 2005இல் ரியாலி, கிறிஸ்டியன்சன் இருவரிடமிருந்து வந்தது. தாய்மார் பிள்ளையோடு பேசும் பேச்சில் ‘ஹூ’வுக்கு அடுத்து ‘இஸ்’ அடிக்கடி வருகிறது, ‘ஹூ டோல்’ போன்ற சோடி வருவதில்லை. அடுத்தடுத்த சொற்களைக் கணக்கெடுத்தாலே சரியான கேள்வி தேறிவிடுகிறது. 2008இல் இதற்கு ஒரு அடி விழுந்தது: ஆங்கிலத்தில் ‘ஹூ’ கேள்விச் சொல்லாகவும் இருப்பதால் கிடைத்த அதிர்ஷ்டம் அது, வேறு வகைத் தொடர்களில் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. அதே ஆண்டில் அம்பிரிட்ஜும் கூட்டாளிகளும் பிள்ளைகள் அந்த உளறலையும் எப்போதாவது சொல்வதைப் பதிவுசெய்தார்கள். ஆகவே ‘ஒருபோதும் பிழைவிடார்’ என்று விடைத்தாளில் எழுதவேண்டாம்.

தமிழில் இப்படியான கேள்விக்கு ‘ஆ’ சேர்த்தால் போதும், எதையும் முன்னுக்கு நகர்த்துவதில்லை. ஆகவே மனப்பாடம் செய்த ஆங்கில உதாரணத்தோடு நிற்காமல் வினைமுற்றைப் பாருங்கள். ‘அண்ணன் ஓடிட்டான்’, ‘அண்ணன் பூனைய பிடிச்சான்’ இரண்டிலும், முக்கிய வாக்கியத்தின் எழுவாயோடு வினை இணங்குகிறது என்ற விதியும், உருபு ஏறாத முதல் பெயரோடு இணங்குகிறது என்ற விதியும் சரியாக வரும். ‘அண்ணன் கொண்டாந்த பூனை ஓடிருச்சு’ என்பதில் இரண்டாவது விதி ‘ஓடிட்டான்’ என்று தவறாக முடியும்.

இதை உங்கள் நான்கு வயதுப் பிள்ளைகளிடமே பார்க்கலாம். இரண்டு பொம்மையும் ஒரு கதையும் போதும்: அண்ணன் பூனையைக் கொண்டுவருகிறான், இருவரில் பூனை மட்டும் ஓடுகிறது. ‘அண்ணன் கொண்டாந்த பூனை...’ என்று நீங்கள் நிறுத்த, பிள்ளை முடிக்கட்டும். ஓடு, விழு, தூங்கு என்று இருவரும் செய்யக்கூடிய வினையாக எடுங்கள். ‘அம்மா ஆக்கின சோறு ஆறிப்போச்சு’ உதவாது, அம்மா ஆறிப்போகமாட்டார் என்பது இலக்கணம் தெரியாமலே தெரியும். முதலில் ‘பூனை ஓடிருச்சு’ போன்ற சின்ன வாக்கியத்திலேயே தடுமாறும் பிள்ளையை விட்டுவிடுங்கள். அவர் பிழைவிட்டால் காரணம் எதுவென்று பிரிக்கமுடியாது. முன்பாதியை மறந்து ‘பூனை ஓடிருச்சு’ என்று தானாகத் தொடங்கிச் சொன்னால் அதையும் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

எல்லோரும் சரியாகச் சொன்னாலும் பிறவி இலக்கணம் நிரூபணமாகாது, ஏனென்றால் இந்த வாக்கியம் அரிதல்ல. ‘தாத்தா வளத்த மாடு செத்துப்போச்சு’ மாதிரியானவை லயத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் சாதாரணமாகக் காதில் விழும். என் கணிப்பில் இந்த இடத்தில் பயன்பாட்டுத் தரப்பின் கைதான் ஓங்குகிறது. அதற்கு மறுதரப்பு கேட்பதும் நியாயம்தான்: சாட்சி கையில் இருந்தாலும், சொற்களின் வரிசையை விட்டுத் தொடரின் அமைப்பைப் பார்க்கப் பிள்ளைக்கு எது சொல்லிக்கொடுத்தது?

பரீட்சையில் ஒரு பக்கம் சாயவேண்டியதில்லை. ஒரே ஒரு வாக்கிய வகையை எடுத்து, போட்டியிடும் இரண்டு விதிகளையும் அவை பிரியும் வாக்கியத்தையும் எழுதுங்கள். அந்த வாக்கியம் பிள்ளையின் காதில் விழுகிறதா, பிள்ளை எந்தப் பிழையை விடுகிறது என்பதை அதன் கீழே எழுதுங்கள்.