தீபாவளிக்கு முன் விலகும் கூட்டாளிக்கு எவ்வளவு லாபம்?

மூன்று பேர் சம பங்கில் ஜவுளிக்கடை நடத்துகிறோம். ஒருவர் செப்டம்பர் 30-இல் விலகுகிறார். போன வருட லாபம் 7,20,000. அதில் பாதி 3,60,000, அவர் பங்கு 1,20,000. சரிதானே?

கணக்குச் சரி, ஆனால் ஜவுளிக்கடைக்கு அது பொருந்தாது. உங்கள் விற்பனையில் பெரும்பகுதி தீபாவளி, பொங்கலுக்குத்தான் வரும். ஆறு மாதம் போனால் பாதி லாபம் வந்துவிட்டதாக ஆகாது. போன வருடம் 60 லட்சம் விற்று 7,20,000 லாபம் என்றால் 12 சதவீதம். இந்த ஆறு மாத விற்பனை 18 லட்சம் என்று வைத்தால் லாபம் 2,16,000, அவர் பங்கு 72,000. 48,000 வித்தியாசம்!

இன்னும் சரியாக வேண்டுமென்றால் அன்றைய தேதியில் கணக்கை முடித்துச் சரக்கை எண்ணுங்கள். பண்டிகைக்கு வாங்கி அடுக்கிய புடவைகளை வாங்கிய விலைக்கே போடுங்கள், விற்கும் விலைக்கு அல்ல. ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் ‘போன வருட லாபத்தைக் காலப்படி பிரிக்கவும்’ என்று எழுதியிருந்தால் 1,20,000-தான். முதலில் பத்திரத்தை எடுங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு. இந்த 72,000-ஐ எங்கே பற்று வைப்பது?

லாபநட்ட அனாமத்துக் கணக்கில் பற்று, விலகுபவரின் முதல் கணக்கில் வரவு. வருடம் இன்னும் முடியவில்லை, அதனால்தான் அனாமத்து.

அப்போ மொத்தம் கையில் எவ்வளவு வரும்? என் முதல் 6 லட்சம் மட்டும் தருகிறேன் என்கிறார்கள்.

நீங்கள் வேறு கடைக்காரர் போலிருக்கிறது. மேலே உள்ள கணக்கையே வைத்துச் சொல்கிறேன். முதல் 6,00,000. பொதுக் காப்பு 90,000 இருந்தால் அதில் 30,000. கடையின் நற்பெயரை 1,80,000 என்று மதித்தால் 60,000. இதை மற்ற இருவரும் தங்கள் முதலிலிருந்து ஏற்க வேண்டும். லாபம் 72,000. இதுவரை எடுத்த 40,000-ஐக் கழித்தால் 7,22,000. இடம், கட்டடத்தின் மதிப்பு ஏறியிருந்தால் அதிலும் பங்கு உண்டு. பலர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

பணம் தராமல் இழுத்தால் சட்டப்படி 6 சதவீத வட்டிதானே?

பாதி சரி. 1932 கூட்டாண்மைச் சட்டம் 37-ஆம் பிரிவின்படி, கணக்குத் தீர்க்காமல் அவர் சொத்தை வைத்தே கடையை நடத்தினால், அந்தச் சொத்தால் வந்த லாபத்தின் பங்கையும் அவர் கேட்கலாம், அல்லது 6 சதவீத வட்டி. தேர்வு விலகியவருடையது. 7,22,000-க்கு வட்டி வருடம் 43,320. தீபாவளி நன்றாக ஓடினால் லாபமே லாபகரம். பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

தொகையை ஒத்துக்கொண்டு எழுதியாகிவிட்டது, பணம்தான் வரவில்லை. அப்போதும் லாபம் கேட்கலாமா?

அங்கேதான் வழக்கு வரும். எழுதியது இறுதித் தீர்வு என்றால் மீதி வெறும் கடன் என்று மறுதரப்பு வாதிடும். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். வக்கீலிடம் காட்டுங்கள்.