இரண்டு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து ஓட்டும் வண்டி: எது கவிழாது?

கேள்வி: பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி வாங்க வேண்டும். எது கவிழாது? சீட் எவ்வளவு உயரம் இருக்கலாம்? வீட்டு வாசலில் இருக்கும் நடைபாதையில் ஓட்ட விடலாமா?

முதல் வண்டியைத் தப்பாக வாங்கியவன் நான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது ஒரு மாதம். பாட்டு, ஹாரன் எல்லாம் வைத்த கார் வடிவ வண்டி, காலால் தரையை உந்தி ஓட்டுவது. "வளர்ற பிள்ளை சார், கொஞ்சம் உயரமா இருந்தா ரெண்டு வருஷம் ஓடும்" என்றார் கடைக்காரர். சட்டைக்குச் சொல்லும் அதே நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உட்கார வைத்தால் கட்டைவிரல் மட்டும்தான் தரையில் பட்டது. பிள்ளை பொம்மை மாதிரி அசையாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பக்கத்தில் உருண்ட பந்தை எடுக்கச் சாய்ந்தாள். கால் ஊன்ற முடியாததால் வண்டியோடு சேர்ந்து சரிந்தாள். உதட்டில் ரத்தம்.

அதன் பிறகுதான் அளந்து பார்த்தேன். வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தி, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேல்வரை மெதுவாக ஏற்றி, புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரைதான் உள்கால் உயரம். எங்கள் பிள்ளைக்கு 32 செ.மீ. வந்தது. வண்டியின் சீட் உயரமோ 28 செ.மீ.தான். கணக்குப்படி நான்கு செ.மீ. மிச்சம் இருக்கிறதே, பின் ஏன் கால் எட்டவில்லை?

காரணம் அகலம். வண்டியின் உடல்பகுதி கீழே போகப் போக விரிந்து முப்பது செ.மீ.க்கு மேல் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு கால் இறங்கும்போது சாய்வாக இறங்குகிறது, நான்கு செ.மீ. அதிலேயே போய்விட்டது. பெட்டியில் சீட் உயரம் போட்டிருப்பார்கள், இந்த அகலத்தைப் போட மாட்டார்கள். அதனால் பிள்ளையைக் கடைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். இரண்டு பாதமும் குதிகாலோடு முழுதாகத் தரையில் படிய வேண்டும், முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஒடுக்கமான சீட் என்றால் உள்கால் உயரத்தைவிட நான்கு முதல் ஆறு செ.மீ. குறைவாக இருந்தால் எங்களுக்குச் சரியாக வந்தது. ரொம்பத் தாழ்ந்தாலும் முட்டி வயிற்றை நோக்கி ஏறிவிடும், தள்ள வலு கிடைக்காது. நாங்கள் இரண்டாவதாக வாங்கியது 26 செ.மீ. உயரம், ஒரு சாண் அகலம்கூட இல்லாத சீட். அரைமணி நேரத்தில் ஹாலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்தது கவிழ்வது. கடையில் மூன்று இடத்தில் கையால் அழுத்திப் பார்ப்பேன். முதலில் சீட்டின் பின் விளிம்பில் நன்றாகக் கீழ்நோக்கி. முன் சக்கரம் தூக்கினால் வேண்டாம். பிள்ளைகள் ஏறும்போது பின்னால் தொப்பென்றுதான் உட்காருவார்கள். சீட் பின் சக்கரத்தையும் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும் வண்டிகள் இதில் மாட்டும். அப்புறம் சீட்டின் பக்க விளிம்பில். மூன்றாவது, ஹேண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்பி வைத்து, அந்தப் பக்கப் பிடியின் மேல் அழுத்துவது. மூன்று சக்கர வண்டிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் வண்டி நிற்கும் இடம் ஒரு முக்கோணம். முன்பக்கம் போகப் போக அது ஒடுங்குகிறது. பிள்ளை ஹேண்டிலோடு சேர்ந்து முன்னும் பக்கவாட்டிலும் சாய்ந்தால் பாரம் அந்த முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றுக்கு நடுவே நல்ல இடைவெளி, ஓர் அளவுக்கு மேல் திரும்பாத ஹேண்டில்: இந்த வயதுக்கு இதுதான் என் தேர்வு. பின் சக்கரங்களின் வெளி அகலம் சீட் உயரத்துக்குக் குறையக் கூடாது என்பதும் நானே வைத்துக்கொண்ட ஒரு கணக்கு.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஆனால் அது உங்கள் பிள்ளையின் காலை அளந்து கொடுத்த முத்திரை இல்லை.

பெடல் வண்டி, ஹேண்டிலை இடம்வலமாக ஆட்டி ஓட்டும் ஸ்விங் கார் இரண்டையும் தள்ளி வையுங்கள். பெடல் மிதிக்கப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று வயது வாக்கில்தான் வரும். முன் சக்கரத்திலேயே பெடல் இருக்கும் வண்டி இறக்கத்தில் உருண்டால் பெடலும் கூடவே சுழன்று கணுக்காலில் அடிக்கும். ஸ்விங் காரில் கால் தரையிலேயே இருக்காது, வழவழப்பான தரை இல்லாவிட்டால் அது ஓடவும் ஓடாது.

இனி நடைபாதை. எங்கள் ஊர் நடைபாதையை நினைத்துச் சொல்கிறேன்: விடாதீர்கள்.

ஒரு காரணம் சக்கரம். இந்த வண்டிகளின் சக்கரம் பலதும் பத்து செ.மீ. விட்டம்தான். பெயர்ந்த பேவர் கல் ஒரு செ.மீ. தூக்கியிருந்தால், அதில் ஏற அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு உந்த வேண்டும். இரண்டு செ.மீ. என்றால் பாரத்தையும் மிஞ்சிய உந்து வேண்டும். அதாவது ஏறாது, வண்டி சட்டென்று நிற்கும், பிள்ளை நிற்க மாட்டாள். ஹேண்டிலுக்கு மேலே போவாள், முதலில் படுவது வாய்தான். பதினாறு செ.மீ. சக்கரத்துக்கு அதே ஒரு செ.மீ. தடையில் பாதிக்குச் சற்று மேல் போதும். வெளியில் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பெரிய சக்கரம், மேலே ரப்பர் சுற்றியது பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் சக்கரம் டைல்ஸில் வழுக்கும், சிமெண்டில் தடதடக்கும்.

அதைவிடப் பெரிய பயம் கார்கள். ஒவ்வொரு வீட்டு கேட் முன்னாலும் நடைபாதை சாலைப்பக்கம் சரிந்து இறங்கும். வண்டியில் பிரேக் கிடையாது, செருப்புக் கால்தான் பிரேக். சரிவு கண்டதும் வண்டி தானாகச் சாலைப்பக்கம் திரும்பும். இதில் இன்னொன்றும் சேர்கிறது. 26 செ.மீ. சீட்டில் உட்கார்ந்த என் மகளின் உச்சந்தலை தரையிலிருந்து 76 செ.மீ. எதிர்வீட்டுப் பெரிய காரின் பானெட்டை டேப் வைத்து அளந்தேன், ஒரு மீட்டருக்கும் மேல். கேட்டை விட்டு வெளியே வரும் டிரைவருக்குக் காரின் முன்னால் பக்கத்தில் இருக்கும் பிள்ளை தெரிய வழியே இல்லை. சற்றுத் தள்ளி நடந்து போகும்போது கொஞ்சமாவது தெரியும் தலை, அதே இடத்தில் வண்டியில் உட்கார்ந்ததும் மறைந்துவிடலாம்.

நாங்கள் ஓட்ட விடுவது மாடியில் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கும் பக்கம், படிக்கட்டுக் கதவைத் தாழ்போட்டுவிட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாநகராட்சிப் பூங்காவின் சிமெண்ட் பாதை. அபார்ட்மெண்ட் பார்க்கிங் தரை சமமாக இருக்கிறதே என்று பலர் அங்கே விடுகிறார்கள். ரிவர்ஸ் எடுக்கும் கார் இருக்கும் இடம் என்பதால் நான் விடுவதில்லை. காலில் பின்பட்டை உள்ள ஷூ. சாதாரணச் செருப்பு தரையை உந்தும்போது கழன்று முன் சக்கரத்துக்கடியில் போகிறது, இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பழைய வண்டியை அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டோம். அவனுக்கு மூன்றரை வயது, கால் தாராளமாக எட்டுகிறது. ஹாரன் மட்டும் பாட்டரி கழற்றிய நிலையில் என் மேஜை டிராயரில் இருக்கிறது, அக்காவின் வேண்டுகோள்.