பில்லியனின் புள்ளிக்குப் பின்னால்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எட். வகுப்புக்காக இந்திய மக்கள்தொகை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 2011 சென்சஸ் எண் 1,21,08,54,977 என்று ஒரு நூலில் இருக்கிறது. ஐ.நா. அட்டவணையில் இந்தியாவுக்கு ஏழு இலக்கம்தான் இருக்கிறது, ஏதோ 14 லட்சம் மாதிரி. செய்திகளில் 1.4 பில்லியன் என்கிறார்கள், என் தோழி அது 14 கோடி என்கிறாள். எதை எதோடு ஒப்பிடுவது? எல்லாரும் மில்லியனுக்கே மாறிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா?

ர.

அன்புள்ள ர.,

மக்கள்தொகை எண்களை நாம் வாசிக்கிற விதம் பற்றிக் கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன்.

எல்லாரும் மில்லியனுக்கு மாறுவது பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள். கமா எங்கே விழுந்தாலும் எண் மாறாது. 2011 சென்சஸின் தற்காலிக முடிவுகளைச் சொன்ன அறிக்கையிலேயே 1,210,193,422 என்று மூன்று மூன்றாகத்தான் கமா போட்டிருந்தார்கள். ஒரே எக்செல் கோப்பு ஒரு கணினியில் லட்சக் கமாவோடும் இன்னொன்றில் மில்லியன் கமாவோடும் திறக்கும். அந்தக் கணினியில் எந்த நாட்டு அமைப்பு வைத்திருக்கிறார்களோ, அது காட்டுகிற கமா. அவ்வளவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது, கமாவை எல்லாம் எடுத்துவிட்டு வலது பக்கத்திலிருந்து எண்ணுவது. ஐந்து இலக்கத்தை விட்டால் இடப்பக்கம் மிஞ்சுவது லட்சம், ஆறு விட்டால் மில்லியன், ஏழு விட்டால் கோடி, ஒன்பது விட்டால் பில்லியன். 1210854977 என்பதில் ஏழு இலக்கத்தை விட்டால் 121 நிற்கிறது. அதாவது 121 கோடி. கோடிக்கும் பில்லியனுக்கும் இடையில் இரண்டு இலக்கம் இருப்பதால் ஒரு பில்லியன் என்பது 100 கோடி. உங்கள் தோழி மில்லியனுக்குப் பத்து லட்சம் என்பதைப் பிடித்துக்கொண்டு, அதே கணக்கில் பில்லியனுக்குப் பத்துக் கோடி என்று போட்டிருக்கிறார். நாளைக்கு வகுப்பில் நின்று சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் நீங்கள் இருவரும். தமிழ்நாட்டில் மட்டுமே 2011-ல் 7 கோடியே 21 லட்சம் பேர். இந்தியா முழுக்க 14 கோடிதான் என்றால் பாதி நாடு தமிழ்நாடாகிவிடும். இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

ஐ.நா.வின் ஏழு இலக்கத்துக்குக் காரணம் அட்டவணையின் தலைப்பிலேயே இருக்கிறது. 'ஆயிரங்களில்' என்று போட்டிருப்பார்கள். கமாவுக்குப் பதில் இடைவெளி விட்டு அச்சிடுவதும் அவர்கள் வழக்கம். 2023 ஏப்ரல் இறுதியில் இந்தியா சீனாவைத் தாண்டும் என்று சொன்னபோது ஐ.நா. கொடுத்த எண் 1,425,775,850. இதையே ஆயிரங்களில் எழுதினால் 1 425 776 ஆகும். மூன்று இலக்கத்தை அவர்களே வெட்டிவிட்டதால், கோடி வேண்டுமானால் நாம் இன்னும் நான்கு விட்டால் போதும். 142 நிற்கும், மீதி 5776. ஆக 142.58 கோடி. தலைப்பு வரியைப் படிக்காமல் எண்ணுக்குத் தாவினால் 14 லட்சமாகத்தான் தெரியும்.

இதுவரை சொன்னது சுலபம். எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த '1.4 பில்லியன்'.

முன்பு ஒரு பத்திரிகையில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர், எண் வந்தாலே பென்சிலை எடுத்து ஒவ்வொரு இலக்கத்துக்கும் கீழே வலமிருந்து இடமாகக் கோடு போடுவார். ஏழாவது கோடு மட்டும் நீளமாக இருக்கும். ஒரு கட்டுரை வந்தது. இந்தியா 2001-ல் 1 பில்லியன், 2011-ல் 1.2 பில்லியன், ஆகவே பத்தாண்டில் 20 சதவீத வளர்ச்சி என்று அதில் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெரியவர் ஓரத்தில் இரண்டு முழு எண்களையும் எழுதினார்.

2011: 1,21,08,54,977
2001: 1,02,87,37,436

கழித்தால் 18,21,17,541 வந்தது. 18 கோடியே 21 லட்சம். 2001-ன் எண்ணால் வகுத்தால் 17.7 சதவீதம். கட்டுரையின் 0.2 பில்லியனுக்கும், அதாவது 20 கோடிக்கும், இந்த 18 கோடியே 21 லட்சத்துக்கும் ஏறக்குறைய 1 கோடியே 79 லட்சம் பேர் வித்தியாசம். அத்தனை பேரும் எங்கிருந்து வந்தார்கள்? எங்கிருந்தும் வரவில்லை. பில்லியனில் ஒரு தசமத்தோடு நிறுத்தியதால் முளைத்தவர்கள். அது மட்டுமில்லை. 1991 முதல் 2001 வரை வளர்ச்சி 21.5 சதவீதம். அடுத்த பத்தாண்டில் அது 17.7 ஆக இறங்கியதுதான் அந்த சென்சஸின் பெரிய செய்தி. 20 என்று எழுதினால் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றே வாசகர் நினைப்பார்.

பில்லியனில் புள்ளிக்குப் பின் வரும் ஓர் இலக்கம் பத்துக் கோடிப் பேர். தமிழ்நாடு முழுவதும் அந்த ஓர் இலக்கத்துக்குள் அடங்கிவிடும், பிறகும் இடம் இருக்கும். கோடியில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் பத்து லட்சம் பேர். இரண்டையும் ஒரே ஒரு தசமத்தோடு எழுதினால், கோடியில் எழுதியது நூறு மடங்கு நுணுக்கமாக இருக்கும். இந்தியாவையும் சீனாவையும் 1.4 பில்லியன், 1.4 பில்லியன் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு எது பெரியது என்று கேட்டால் என்ன சொல்வது? பில்லியனில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று தசமமாவது வையுங்கள், 1.211 என்று. அப்போது கடைசி இலக்கம் பத்து லட்சத்துக்கு வந்துவிடும். வளர்ச்சியையும் வித்தியாசத்தையும் முதலில் முழு எண்ணில் போடுங்கள், முழுமையாக்குவது கடைசியில். இந்த வரிசை மாறக் கூடாது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, ஒப்பிடுவதற்கு வருகிறேன். இரண்டு அட்டவணைகளில் ஒரே ஆண்டுக்கான எண்களை எடுத்து ஒன்றால் ஒன்றை வகுத்துப் பாருங்கள். பத்து, நூறு, ஆயிரம் என்று விடை அதைச் சுற்றி வந்தால் தவறு உங்கள் வாசிப்பில். தலைப்புக்குத் திரும்பிப் போங்கள். 1.03, 1.04 என்று வந்தால் வாசிப்பு சரி, வித்தியாசம் நிஜமானது. சென்சஸ் எண் 2011 மார்ச் 1-ஆம் தேதிக்கானது, ஐ.நா. ஆண்டு நடுவான ஜூலை 1-ஐ எடுத்துக்கொள்கிறது. அப்புறம், சென்சஸுக்குப் பின் நடந்த சரிபார்ப்பில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட 2 கோடியே 80 லட்சம் பேர். சென்சஸ் அவர்களைத் தன் எண்ணில் சேர்ப்பதில்லை, ஐ.நா.வின் மதிப்பீடு அப்படி விடுபட்டவர்களையும் கணக்கில் எடுக்கிறது. அதனால் இந்த இரண்டும் ஒருநாளும் அச்சாக ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைக்கவும் முயலாதீர்கள். ஒரு பத்தியில் சென்சஸை எடுத்தால் அந்தப் பத்தி முடியும்வரை சென்சஸோடே இருங்கள்.

கட்டுரை முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், அட்டவணைகளின் தலைப்பு வரிகளையும் சேர்த்து. தோழியையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவரை உட்காரவைத்து அந்தக் கழித்தலைப் போடச் சொல்லுங்கள்.